பாதி அகலத்தில் சிக்கும் பிழை

புள்ளியியல் விடைத்தாளில் 'நம்பிக்கை இடைவெளி' கணக்கு வந்தால், திருத்துபவர் பெரும்பாலும் கடைசி வரியைத்தான் முதலில் பார்ப்பார். அடைப்புக்குறிக்குள் இரண்டு எண்கள், கீழே ஒரு வாக்கியம். எண்கள் தப்பாவதற்கு வழக்கமான காரணம், அட்டவணையிலிருந்து எடுத்த எண் வேறாகிப் போவது. வாக்கியம் தப்பாவதற்குக் காரணம், '95 சதவீதம்' என்பதை எதன்மீது ஏற்றுவது என்ற குழப்பம். முதல் வகைப் பிழையை விடையிலிருந்தே பின்னோக்கி நடந்து பிடித்துவிடலாம். இரண்டாவது அவ்வளவு எளிதில் பிடிபடாது. இரண்டையும் பார்க்க ஒரே ஒரு பழைய கணக்கு போதும்.

குஷ்னி, பீபிள்ஸ் என்ற இருவர் 1905-ல் தூக்க மருந்துகளைப் பற்றிய ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துக் கலமாசூ நகர மனநல மருத்துவமனை நோயாளிகளுக்கு வெவ்வேறு மருந்துகளைக் கொடுத்து, மருந்தில்லாத நாளைவிட எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்று குறித்திருந்தார்கள். டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் 1908-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இந்த எண்களைத்தான் உதாரணமாக எடுத்துக்கொண்டார். மருந்துகளின் பெயரை அவர் தவறாகக் குறித்துவிட்டார் என்பது பின்னாளில் தெரியவந்தது. நமக்கு எண்கள்தான் வேண்டும் என்பதால் முதல் மருந்து, இரண்டாம் மருந்து என்றே வைத்துக்கொள்வோம்.

பத்து நோயாளிகள். ஒவ்வொருவருக்கும் இரண்டாம் மருந்து, முதல் மருந்தைவிட எத்தனை மணி நேரம் அதிகத் தூக்கம் தந்தது என்ற வித்தியாசம் இது: 1.2, 2.4, 1.3, 1.3, 0.0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4. சராசரி 1.58 மணி. திட்ட விலக்கம், அதாவது ஆளுக்கு ஆள் எவ்வளவு சிதறல் என்பதன் அளவு, 1.23. இதை 10-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.389. இதற்குத் திட்டப்பிழை என்று பெயர். வேறு பத்துப் பேரை எடுத்திருந்தால் சராசரி எவ்வளவு ஆடியிருக்கும் என்பதற்கான மதிப்பீடு அது.

இனி ஒரே ஒரு எண்தான் பாக்கி. திட்டப்பிழையை எத்தனை மடங்காக்கி, சராசரியின் இரு பக்கமும் விரிப்பது? அந்த மடங்கைத்தான் தீர்வுகட்ட மதிப்பு என்கிறார்கள். சரியான மடங்கு இங்கே 2.262. அதன்படி 0.389-ஐப் பெருக்கினால் 0.88. 1.58-லிருந்து கழித்தும் கூட்டியும் கிடைப்பது 0.70 முதல் 2.46 வரை.

நம் முன்னால் இருக்கும் விடைத்தாளில் வேறு விடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 0.82 முதல் 2.34 வரை. நடுவில் கணக்கே எழுதப்படவில்லை. இதில் எங்கே தவறு நடந்தது?

இரு முனைகளையும் கூட்டிப் பாதியாக்குங்கள். 1.58 வருகிறது. ஆக, சராசரி சரி. பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துப் பாதியாக்குங்கள். 0.76. இதுதான் பாதி அகலம். இதைத் திட்டப்பிழை 0.389-ஆல் வகுத்தால் 1.95. முனைகளை இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கி எழுதியதால் கடைசி இலக்கம் ஒன்றிரண்டு தள்ளிப்போகும். எனவே இது 1.96. இசட் அட்டவணையிலிருந்து எடுத்த எண். டி அட்டவணைக்குப் போக வேண்டியவர் இசட் அட்டவணைக்குப் போயிருக்கிறார்.

வேறொருவர் 0.87 முதல் 2.29 என்று எழுதியிருந்தால்? பாதி அகலம் 0.71. வகுத்தால் 1.83 அருகே வரும். டி அட்டவணையில் 9-ஆம் வரிசையில் 1.833 என்ற எண் இருக்கிறது. ஆனால் அது 95 சதவீத இடைவெளிக்கு உரியதல்ல. 5 சதவீதத்தை முழுக்க ஒரே வாலில் வைத்தால் வரும் எண். அட்டவணையும் சரி, வரிசையும் சரி, நெடுவரிசைதான் தப்பு. இன்னொருவர் 0.71 முதல் 2.45 என்று எழுதினால், பின்னோக்கி வகுக்கும்போது 2.24 போல வரும். 10-ஆம் வரிசையில் இருக்கும் 2.228-ஐ எடுத்திருக்கிறார். பத்துப் பேர் என்றால் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 9 என்பதை மறந்துவிட்டார். பத்து விலகல்களும் கூட்டினால் பூஜ்யமாக வேண்டும் என்பதால், ஒன்பது தெரிந்துவிட்டால் பத்தாவது தானாகவே முடிவாகிவிடுகிறது. அதனால்தான் ஒன்று குறைகிறது.

வகுத்து வரும் எண் 9-ஆம் வரிசையில் எங்குமே இல்லாமலும் போகலாம். 0.75 முதல் 2.41 என்ற விடைக்குப் பின்னோக்கிக் கிடைப்பது 2.13. அந்த வரிசையில் அப்படி ஒன்று கிடையாது. அப்போது அட்டவணையை விட்டுவிட்டுத் திட்ட விலக்கத்தைப் பார்க்க வேண்டும். 9-ஆல் வகுக்க வேண்டிய இடத்தில் 10-ஆல் வகுத்து, 1.23-க்குப் பதில் 1.17 எடுத்திருக்கிறார் என்பது தெரியவரும். பெரிய பிழையாக இருந்தால் வகுக்கக்கூட வேண்டாம். -1.20 முதல் 4.36 என்று வந்தால், பத்தின் வர்க்கமூலத்தால் வகுக்கவே மறந்திருக்கிறார்.

விடையைப் பார்த்ததும் 'தப்பு' என்று கோடு போடுவதைவிட இந்தப் பின்னோக்கு வகுத்தல் பயனுள்ளது என்பது என் எண்ணம். எந்தப் படியில் வழி தவறியது என்று சொல்லிக் கொடுக்கலாம். செய்தித்தாளிலோ ஆய்வறிக்கையிலோ இடைவெளி மட்டும் கொடுத்திருந்தால்கூட, திட்ட விலக்கமும் ஆள் எண்ணிக்கையும் பக்கத்தில் இருந்தால் போதும், அவர்கள் எந்த எண்ணைப் பயன்படுத்தினார்கள் என்று கண்டுவிடலாம்.

கணினியில் கணக்குப் போட்டால் இந்தத் தொல்லை இராது என்று நினைக்க வேண்டாம். 95 என்று கேட்டதும் கை தானாக 0.95 என்று தட்டிவிடும். ஆர் மென்பொருளில் இரண்டும் இப்படி வரும்:

```
qt(0.95, 9)    # 1.833113
qt(0.975, 9)   # 2.262157
```

நடுவில் 95 சதவீதம் இருக்க வேண்டுமானால் மிச்சம் 5, இடது வாலுக்குப் பாதி, வலது வாலுக்குப் பாதி. எனவே வலது முனைக்கு இடப்புறம் இருப்பது 97.5 சதவீதம். எக்செலில் `T.INV.2T(0.05,9)` என்று கேட்டால் இரு வாலுக்கும் சேர்த்து 2.262 கொடுக்கும். `T.INV(0.95,9)` என்று கேட்டால் 1.833-தான். `CONFIDENCE.NORM` என்பது இசட் எண்ணைப் பயன்படுத்தும், `CONFIDENCE.T` என்பது டி எண்ணை. பெயர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், தவறானதைச் சொடுக்கினாலும் நல்ல பிள்ளை போல ஒரு விடை வந்துவிடும். அச்சிட்ட அட்டவணைகளிலும் இதே சிக்கல்தான். சில புத்தகங்களில் தலைப்பு ஒரு வாலின் பரப்பைச் சொல்லும், சிலவற்றில் இரு வாலையும் சேர்த்துச் சொல்லும். எந்த அட்டவணையைத் திறந்தாலும் அதன் கடைசி வரிசைக்குப் போய், 1.96 எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது என்று பாருங்கள். 95 சதவீத இடைவெளிக்கு உங்கள் நெடுவரிசை அதுதான்.

சரி, 1.96-க்கும் 2.262-க்கும் இவ்வளவு சண்டை ஏன்? சிதறலின் உண்மையான அளவு நமக்குத் தெரிந்திருந்தால் 1.96 சரியே. இங்கே அது தெரியாது. பத்தே பேரை வைத்து அதையும் ஊகித்திருக்கிறோம். சில பத்துப்பேர் கூட்டத்தில் சிதறல் தற்செயலாகக் குறைவாகத் தெரியும். அப்போது இடைவெளி சுருங்கி, உண்மையைத் தவறவிடும். கோசெட் கவலைப்பட்டது இதைப் பற்றித்தான். ஆலையில் அவருக்குக் கிடைத்தவை எல்லாம் சிறிய மாதிரிகள். ஆயிரக்கணக்கில் அளந்து பார்க்கும் வசதி அங்கே கிடையாது. டி அட்டவணை இந்தக் கூடுதல் நிச்சயமின்மைக்காக மடங்கைச் சற்று உயர்த்திக் கொடுக்கிறது.

உயர்த்தாவிட்டால் நஷ்டம் எவ்வளவு என்றும் கணக்கிடலாம். பத்துப் பேரை வைத்துக்கொண்டு 1.96-ஐப் பயன்படுத்தினால், 95 என்று பெயர் எழுதிய இடைவெளி நீண்ட காலத்தில் சுமார் 92 சதவீதம்தான் உண்மையைப் பிடிக்கும். ஐந்து பேர் என்றால் 88. மூன்றே பேர் என்றால் 81. ஐந்து பேர் கணக்கில் நூற்றுக்கு 5 தடவை தவறும் என்று சொல்லிவிட்டு 12 தடவை தவறவிடுகிறோம். 30 பேர் ஆகும்போது டி எண் 2.045, நூறு பேரில் 1.984. 'முப்பதைத் தாண்டினால் இசட்' என்று பாடப்புத்தகம் சொல்வது இந்த நெருக்கத்தை வைத்துத்தான். கணினி கையில் இருக்கும்போது அந்த விதிக்கு அவசியம் இல்லை. சராசரிக்கு எப்போதும் டி என்று வைத்துக்கொண்டால் ஒன்றும் குறைந்துவிடாது. கருத்துக்கணிப்பில் எத்தனை சதவீதம் பேர் ஆதரவு என்பது போன்ற விகிதக் கணக்கு வேறு. அங்கே இசட்தான் வழக்கம்.

இனி வாக்கியத்துக்கு வருவோம். எண்கள் சரியாக வந்துவிட்டன, 0.70 முதல் 2.46. கீழே ஒருவர் எழுதுகிறார்: 'நோயாளிகளில் 95 சதவீதம் பேருக்கு இரண்டாம் மருந்தால் 0.70 முதல் 2.46 மணி நேரம் வரை கூடுதல் தூக்கம் கிடைக்கும்.'

இதைத் தகர்க்க நோயாளிகளின் எண்களே போதும். பத்துப் பேரில் ஒருவருக்கு 0.0, இன்னொருவருக்கு 4.6. இருவரும் வெளியே. உள்ளே இருப்பது எட்டுப் பேர். சிறிய கூட்டம், அதனால் அப்படி என்று ஒருவர் வாதாடலாம். அப்படியானால் கூட்டத்தைப் பெரிதாக்குவோம். இதே சராசரி, இதே சிதறல், ஆனால் ஆயிரம் பேர் என்று கொள்வோம். திட்டப்பிழை 0.039 ஆகிவிடும். இடைவெளி 1.50 முதல் 1.66 வரை சுருங்கிவிடும். மேலே உள்ள பத்து எண்களை அந்த இடைவெளியில் வைத்துப் பாருங்கள். ஒன்றுகூட உள்ளே விழாது. ஆட்களின் சிதறல் அப்படியே இருக்கிறது, இடைவெளி மட்டும் ஒடுங்கிவிட்டது. ஏனென்றால் இடைவெளி ஆட்களைப் பற்றிப் பேசவே இல்லை. ஆட்கள் எல்லோருக்குமான ஒரு சராசரி எங்கே இருக்கும் என்பதைப் பற்றித்தான் பேசுகிறது. மருத்துவரிடம் உட்கார்ந்திருக்கும் ஒருவர் 'எனக்கு எத்தனை மணி நேரம் அதிகமாகத் தூக்கம் வரும்?' என்று கேட்டால், இந்த இரண்டு எண்களைப் பதிலாகச் சொல்வது அவரைத் திசைதிருப்பும்.

இன்னொரு வாக்கியமும் அடிக்கடி வரும்: 'இதே ஆய்வை மறுபடி நடத்தினால் 95 சதவீதத் தடவை சராசரி இந்த இடைவெளிக்குள் விழும்.' இது கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் நம் இடைவெளியின் மையம் நம் மாதிரியின் சராசரி. அதுவே உண்மையிலிருந்து சற்று விலகித்தான் இருக்கும். அடுத்த மாதிரியின் சராசரி தன் பங்குக்கு இன்னொரு பக்கம் விலகும். இரண்டு ஆட்டமும் சேர்வதால், பெரிய மாதிரிகளில்கூட அப்படி விழும் வாய்ப்பு சராசரியாக 83 சதவீத அளவில்தான் இருக்கும்.

மூன்றாவது வாக்கியம்தான் வழுக்குப் பாறை. 'உண்மையான சராசரி 0.70-க்கும் 2.46-க்கும் இடையில் இருக்க 95 சதவீத வாய்ப்பு உள்ளது.' இதை எழுதாத ஆளே இல்லை எனலாம். கோசெட்டே 1908-ல் இந்த எண்களை வைத்து, இரண்டாம் மருந்துதான் சிறந்தது என்பதற்கு 666-க்கு 1 என்று பந்தயக் கணக்கு சொன்னவர்தான். நம்பிக்கை இடைவெளி என்ற ஏற்பாட்டை முறைப்படி வகுத்தவர் யெர்சி நெய்மன் என்ற போலந்துக்காரர், அது 1930-களில். அவருடைய ஏற்பாட்டில் இந்த வாக்கியத்துக்கு இடமில்லை. உண்மையான சராசரி என்பது நமக்குத் தெரியாத, ஆனால் நிலையான ஓர் எண். 0.70, 2.46 இரண்டும் அளந்து முடித்த எண்கள். எதுவும் இனி அசையப் போவதில்லை. உள்ளே இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. வாய்ப்பு என்பது மாதிரி எடுப்பதற்கு முன்னால், முறையின்மீது இருந்தது.

'இது வெறும் சொல் சண்டை' என்று சலித்துக்கொள்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு கணக்கு. மண்ணுக்கடியில் 10 மீட்டர் நீளத்துக்கு நேராக ஒரு குழாய் கிடக்கிறது. அதன் நடுப்புள்ளி எங்கே என்று தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு தோண்டியதில் குழாயின்மீது இரண்டு இடங்கள் தட்டுப்பட்டன. எந்த இடமும் தட்டுப்பட ஒரே வாய்ப்பு. 'நடுப்புள்ளி இந்த இரண்டு இடங்களுக்கும் இடையில் இருக்கிறது' என்று அறிவிப்பது நம் முறை. இரண்டு இடங்களும் நடுப்புள்ளிக்கு இரு பக்கமும் விழ வேண்டும், அதற்கு வாய்ப்பு சரிபாதி. ஆகவே இது அப்பழுக்கற்ற 50 சதவீத நம்பிக்கை இடைவெளி.

இன்று தோண்டியதில் இரண்டு இடங்களுக்கும் நடுவே 6 மீட்டர் தூரம் என்று வையுங்கள். பாதிக் குழாயின் நீளம் 5 மீட்டர்தான். 6 மீட்டர் ஒரே பாதியில் அடங்காது. எனவே நடுப்புள்ளி உள்ளேதான் இருக்கிறது, நிச்சயமாக. இதைப் பார்த்துக்கொண்டே '50 சதவீத வாய்ப்பு' என்று யாராவது சொல்வார்களா? நாளை தோண்டியதில் இரண்டு இடங்களும் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் கிடைத்தால், நடுப்புள்ளி அதற்குள் மாட்டுவது நூற்றில் ஒன்றுதான். அதையும் 50 என்று சொல்வது அபத்தம். முறையின் சதவீதம் 50-ஆகவே இருக்கிறது. கையில் இருக்கும் குறிப்பிட்ட இடைவெளிக்கு அந்த எண் பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை. முறையின் மதிப்பெண்ணைத் தனி விடையின்மீது ஒட்டுவதுதான் தவறு.

தூக்க மருந்துக் கணக்கில் இந்த முரண் இப்படி வெளிப்படையாகத் தெரியாது. அதனால்தான் மூன்றாவது வாக்கியம் தப்பித்துக்கொள்கிறது. முன்கூட்டியே ஒரு கருத்தும் இல்லை என்று வைத்துக்கொண்டு பேயஸ் முறையில் கணக்குப் போட்டால்கூட அதே 0.70, 2.46 வருகிறது. அப்போது 'வாய்ப்பு' என்று சொல்லலாம், ஆனால் அந்த முன்கருத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாமல் வாய்ப்பை மட்டும் எடுத்துக்கொள்ள நெய்மன் முறை அனுமதிப்பதில்லை. இது அன்றைக்கே பலருக்குப் பிடிக்கவில்லை. 1934-ல் லண்டனில் நெய்மன் தம் யோசனையைப் படித்தபோது, மூத்த புள்ளியியலாளர் ஆர்தர் பௌலி, நமக்குத் தேவையானது உண்மை இந்த எல்லைக்குள் இருக்கும் வாய்ப்புதானே, அதை நோக்கி இது நம்மைக் கொண்டுபோகிறதா என்று கேட்டு, இல்லை என்றே கருதுவதாகச் சொன்னார். கேள்வி நியாயமானது. வாசகருக்கு வேண்டியது அதுதான். ஆனால் வேண்டியது கிடைக்காதபோது கிடைத்ததற்கு அந்தப் பெயரை வைக்க முடியாது.

விடைத்தாளில் எழுத வேண்டிய வாக்கியம் சற்று நீளம். 'இதே முறையில் மீண்டும் மீண்டும் பத்துப் பேரை எடுத்து இடைவெளி கட்டிக்கொண்டே போனால், அவற்றில் சுமார் 95 சதவீத இடைவெளிகள் உண்மையான சராசரி வித்தியாசத்தை உள்ளடக்கும். நம் மாதிரியில் கிடைத்த இடைவெளி 0.70 முதல் 2.46 மணி வரை.' இடம் இல்லாவிட்டால், 'சராசரி வித்தியாசத்துக்கான 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 0.70 முதல் 2.46 மணி' என்று நிறுத்திக்கொள்ளலாம். எழுதிய வாக்கியத்தைச் சோதிக்க ஒரே கேள்வி: இதில் தடவைக்குத் தடவை மாறுவது எது? இடைவெளி மாறினால் வாக்கியம் சரி. நோயாளிகள், அடுத்த ஆய்வின் சராசரி, உண்மைச் சராசரி, இவற்றில் ஒன்று 95-இன் எழுவாயாக இருந்தால் தப்பு.

எல்லாம் சரியாக இருந்தாலும் 95 எதற்குப் பொறுப்பேற்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். அது மாதிரி எடுப்பதில் உள்ள தற்செயலுக்கு மட்டுமே கணக்குச் சொல்கிறது. பத்துப் பேரும் ஒரே மருத்துவமனையின் நோயாளிகள், சீட்டுக் குலுக்கி எடுத்தவர்கள் அல்ல. வெளியே இருப்பவர்களுக்கும் இது பொருந்துமா என்பது 2.262-க்குத் தெரியாது. வித்தியாசங்கள் மணி வடிவப் பரவலில் அமைந்தவை என்ற எடுகோளும் உள்ளே ஒளிந்திருக்கிறது. 4.6 மணி தூங்கிய அந்த ஒருவர் அதைக் கொஞ்சம் ஆட்டுகிறார். அவரை விட்டுவிட்டு ஒன்பது பேரை வைத்துப் போட்டால் சராசரி 1.24, திட்ட விலக்கம் 0.66, டி எண் 2.306, இடைவெளி 0.74 முதல் 1.75 வரை. கீழ் முனை கிட்டத்தட்ட அசையவில்லை, மேல் முனை கிட்டத்தட்ட முக்கால் மணி இறங்கிவிட்டது. அவரை நீக்க நமக்கு உரிமை இல்லை, அவரும் தூங்கியவர்தான். ஆனால் 'குறைந்தது முக்கால் மணி அளவுக்காவது' என்பதைச் சொல்லும்போது இருக்கும் துணிச்சல், 'இரண்டரை மணி வரை' என்பதைச் சொல்லும்போது வரக்கூடாது.